கல்லாவுக்குப் பணம் வந்தால் ஏன் பற்று? தேர்வுக்கு முன் இருவராகக் கேட்டுப் படிக்கும் முறை

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்கள் முதல் மாதத்தில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கடைக்காரர் கல்லாவில் பணம் வாங்கிப் போடுகிறார். வீட்டில் ‘வரவு செலவு’ என்று கேட்டே வளர்ந்த நம் கை, தானாக ‘ரொக்கம், வரவு’ என்று எழுதிவிடுகிறது. பாடநூல் ‘ரொக்கம், பற்று’ என்கிறது. பற்று, வரவு என்பதை டெபிட், கிரெடிட் என்று படிப்பவருக்கு அந்த இரண்டு சொற்களும் அர்த்தமில்லாத ஓசைகள், அதனால் மனப்பாடம் செய்து தப்பித்துவிடுவார். நமக்குச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருப்பதுதான் தொல்லை.

இதைத் தனியாகப் படிப்பதைவிட இருவராக உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டுக்கொள்வது நல்லது. தப்பான விடையை நாம் எந்த வழியில் யோசித்து எட்டினோம் என்பது வாயால் சொல்லும்போதுதான் வெளியே வரும். எப்படிக் கேட்பது, எந்த வரிசையில் பதில் சொல்வது என்று காட்ட மலர், ரெஜினா என்று இரண்டு பேரைக் கற்பனை செய்திருக்கிறேன். நாளைக் காலை இருவருக்கும் தேர்வு.

முதலில், கேள்வி கேட்கத் தொடங்கும் முன் ஒரு பழைய நோட்டைப் பார்த்துவிடுவோம்.

மளிகைக் கடையில் பற்று நோட்டு இருக்கும். கடனுக்கு வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ‘மாடி வீட்டு அக்கா’ என்று மேலே எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அக்கா 300 ரூபாய்க்கு அரிசி எடுத்துப் போனால் அந்தப் பக்கத்தில் பற்று 300. மாதம் பிறந்ததும் 200 ரூபாய் கொடுத்தால் வரவு 200. அதாவது அந்தப் பக்கம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாங்கிக்கொண்டால் பற்று. அவரிடமிருந்து வந்தால் வரவு. ‘வரவு’ என்ற சொல் இங்கே ‘எனக்கு வருமானம்’ என்று சொல்லவில்லை, ‘இவரிடமிருந்து வந்தது’ என்று சொல்கிறது. நடந்த ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பக்கங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் மாறுவது ஒன்றுதான்: அக்காவுக்கு ஒரு பக்கம் இருப்பதுபோல கல்லாவுக்கும் ஒரு பக்கம், வாடகைக்கும் ஒரு பக்கம், விற்பனைக்கும் ஒரு பக்கம் போடுகிறோம்.

கேட்கும் முறை

கேட்பவர் கணக்கின் பெயரைச் சொல்லக் கூடாது. நடந்ததை மட்டும் கதைபோலச் சொல்ல வேண்டும். ‘ரொக்கம் பற்றா வரவா?’ என்று கேட்டால் பாதி விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள், மீதிப் பாதி காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

பதில் சொல்பவர் நான்கு படிகளில் சொல்ல வேண்டும். இது யாருடைய ஏடு? எந்த இரண்டு பக்கங்கள் மாறுகின்றன? ஒவ்வொன்றும் ஆட்களின் பெயரில் நிற்கும் ஆள்சார் கணக்கா, பணமும் பொருளும் நிற்கும் சொத்துக் கணக்கா, செலவும் வருமானமும் நிற்கும் பெயரளவுக் கணக்கா? கடைசியில்தான் பற்று, வரவு. அவசரக்காரர்கள் நான்காவது படியிலிருந்து தொடங்குவார்கள். அவர்களைத் திருப்பி முதல் படிக்கு அனுப்புங்கள்.

ரெஜினா கேட்க ஆரம்பிக்கிறாள். கணக்கு முழுவதும் ரவி என்பவர் புதிதாகத் திறந்த ஒரு எழுதுபொருள் கடையைப் பற்றியது. (பயிற்சிக்காக ஜிஎஸ்டியை விட்டுவிடுகிறோம்.)

ரெஜினா: ரவி 50,000 ரூபாய் ரொக்கம் போட்டுக் கடை ஆரம்பிக்கிறார்.

மலர்: ரொக்கம் வருது, அதனால வர...

ரெஜினா: நில்லுடி. யாரோட ஏடு?

மலர்: ரவியோடது.

ரெஜினா: ரவியோடதா, கடையோடதா?

மலர்: ஓ... கடையோடது. ரவி வேற, கடை வேற. சரி, மாறுற பக்கம் ரெண்டு. ரொக்கம், ரவி போட்ட முதல். ரொக்கம் சொத்துக் கணக்கு. முதல், அது ரவியோட பெயர்ல இருக்கற மாதிரி, அதனால ஆள்சார் கணக்கு. கல்லா 50,000 வாங்கிக்கிச்சு, ரொக்கம் பற்று. ரவிகிட்டேருந்து வந்தது, முதல் வரவு.

மலர் சொன்ன ‘ரவி வேறு, கடை வேறு’ என்பதைப் பாடநூல் வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று சொல்லும். அது இல்லாவிட்டால் ‘முதல்’ என்று ஒரு கணக்கே தேவைப்பட்டிருக்காது. கடை தன் சொந்தக்காரருக்கே 50,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏன் வரவுப் பக்கம் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

ரெஜினா: அதுலேருந்து 20,000 எடுத்துப் பேங்க்ல போடுறார்.

மலர்: கடையோட ஏடு. வங்கி, ரொக்கம். வங்கி பற்று, ரொக்கம் வரவு. பேங்க் வாங்கிக்கிச்சு, கல்லா கொடுத்துச்சு.

ரெஜினா: ஆனா போன வாரம் எங்கப்பா பேங்க்ல பணம் கட்டினப்போ போன்ல ‘உங்கள் கணக்கில் வரவு’ன்னுதான் வந்துச்சு. பாஸ்புக்லயும் வரவுன்னுதான் இருக்கு.

மலர்: (யோசித்து) அது பேங்கோட ஏடு. அந்த ஏட்டுல உங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இருக்கு. உங்கப்பாகிட்டேருந்து வந்தது, அதனால வரவு.

முதல் படியை ஏன் விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே 20,000 ரூபாய், நம் ஏட்டில் வங்கிக்குப் பற்று, வங்கியின் ஏட்டில் நமக்கு வரவு. இரண்டும் சரி. குறுஞ்செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து பேசுகிறது. ஏடிஎம்மில் எடுத்தால் ‘பற்று’ என்று வருவதும் அதே காரணம்தான், நாம் வாங்கிக்கொண்டோம். பின்னால் நம் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒத்துப்பார்க்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் படிக்கும்போது இந்த இடத்தில் குழம்பாதவருக்கு அந்தப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

அடுத்த இரண்டு கேள்விகளை ரெஜினா வேண்டுமென்றே சேர்த்துக் கேட்கிறாள்.

ரெஜினா: குமார்கிட்ட 12,000 ரூபாய்க்கு நோட்டு, பேனா எல்லாம் கடனுக்கு வாங்குறார். அதோட 5,000 ரூபாய் ரொக்கம் கொடுத்துக் கடைக்கு மேசையும் நாற்காலியும் வாங்குறார்.

மலர்: முதலாவது, கொள்முதல் பற்று, குமார் வரவு. ரெண்டாவது, கொள்முதல் பற்று, ரொக்கம் வரவு.

ரெஜினா: மேசையை விக்கவா வாங்கினார்?

மலர்: ஐயோ. அறைகலன் பற்று, ரொக்கம் வரவு.

‘வாங்கினார்’ என்ற சொல்லைக் கண்டதும் கொள்முதல் என்று எழுதுவது எல்லாருக்கும் வரும் பழக்கம். கொள்முதல் கணக்கில் விற்பதற்காக வாங்கிய சரக்கு மட்டும்தான் வரும். பேனா விற்கும் கடைக்கு மேசை அறைகலன். மேசை விற்கும் கடைக்கு அதே மேசை கொள்முதல். கேள்வியில் கடை எந்தத் தொழில் செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இந்தத் தவறுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. கடைசியில் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று பிரித்துக் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வு போடும்போது இது பிடிபடாது. அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது மலர் கேட்கிறாள், ரெஜினா பதில் சொல்கிறாள். இடம் மாறுவது முக்கியம். கேட்பவருக்குத்தான் கேள்வியில் பொறி வைக்கத் தெரியும், பொறி வைக்கத் தெரிந்தவர் அதில் விழ மாட்டார்.

மலர்: சீதாவுக்கு 8,000 ரூபாய்க்குக் கடனுக்குச் சரக்கு விக்கிறார்.

ரெஜினா: சீதா பற்று, விற்பனை வரவு. சீதா வாங்கிக்கிட்டா. ஆள்சார் கணக்கு, பெறுபவர் பற்று.

மலர்: கடை வாடகை 3,000 ரூபாய், கட்டடத்துக்காரர் மாணிக்கத்துகிட்ட ரொக்கமா கொடுத்தார்.

ரெஜினா: மாணிக்கம் வாங்கிக்கிட்டார், அதனால மாணிக்கம் பற்று...

மலர்: அப்போ மாணிக்கம் நமக்கு 3,000 தரணுமா?

ரெஜினா: இல்லையே, அது முடிஞ்சு போன வாடகை. சரி, சரி. வாடகை பற்று, ரொக்கம் வரவு.

மலர் கேட்ட கேள்வி அருமையானது, அப்படியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் பற்று மிச்சம் நின்றால் அவர் நமக்குத் தர வேண்டும் என்று அர்த்தம், வரவு மிச்சம் நின்றால் நாம் அவருக்குத் தர வேண்டும் என்று அர்த்தம். மாணிக்கம் தன் கட்டடத்தை ஒரு மாதம் பயன்படுத்த விட்டார், நாம் பணம் கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது. அவர் பெயரில் பக்கம் திறக்க ஒரு காரணமும் இல்லை. கேள்வித்தாளில் ஆள் பெயர் வருவதெல்லாம் ஆள்சார் கணக்கு ஆகிவிடாது. பாக்கி நின்றால்தான் பெயர்.

இதன் மறுபக்கம், வாடகை இந்த மாதத்தோடது, ஆனால் இன்னும் கொடுக்கவில்லை என்றால்? வாடகை பற்றுதான், செலவு ஆகிவிட்டது. வரவுப் பக்கத்தில் ரொக்கம் வராது, ‘கொடுபட வேண்டிய வாடகை’ வரும். பெயரில் வாடகை என்று இருந்தாலும் இது ஆள்சார் கணக்கு, பணம் வர வேண்டிய ஆளுக்குப் பிரதிநிதியாக நிற்கிறது. ஒரு மதிப்பெண் கேள்வியில் இதை அடிக்கடி வைப்பார்கள்.

மலர்: ரவி கடையிலேருந்து 500 ரூபாய் சரக்கை எடுத்துத் தன் பிள்ளைக்குக் கொடுத்துட்டார்.

ரெஜினா: வாங்கிக்கிட்டது ரவி. சொந்தக்காரர் தனக்குன்னு எடுத்தா அது எடுப்பு. எடுப்பு பற்று. கொடுத்தது... விற்பனை வரவா?

மலர்: வித்தாரா?

ரெஜினா: இல்ல. வாங்கின சரக்கு குறைஞ்சுது. கொள்முதல் வரவு.

மலர்: கடைசிக் கேள்வி. சீதா 7,800 ரூபாய் ரொக்கம் கொடுத்துக் கணக்கை முடிச்சுட்டா. மீதி 200 தள்ளுபடி.

ரெஜினா: இதுல மூணு பக்கம் மாறுது. ரொக்கம் 7,800 பற்று. அளித்த தள்ளுபடி நமக்கு நட்டம், 200 பற்று. சீதா 8,000 வரவு.

மலர்: சீதா கொடுத்தது 7,800 தானே?

ரெஜினா: கொடுத்தது அவ்வளவுதான். ஆனா அவ பக்கத்துல பாக்கி எதுவும் நிக்கக் கூடாது. 7,800 மட்டும் வரவு வச்சா, அடுத்த மாசமும் 200 கேட்டு அவகிட்ட ஆள் அனுப்பணும்.

இத்தனைக்கும் மூன்று பொன்விதிகளை ரெஜினா ஒரே ஒரு முறைதான் பேர் சொல்லி இழுத்தாள் என்பதைக் கவனியுங்கள். விதிகளைத் தேர்வுக்கு எழுதத்தான் வேண்டும்: ஆள்சார் கணக்கில் பெறுபவர் பற்று, தருபவர் வரவு. சொத்துக் கணக்கில் உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. பெயரளவுக் கணக்கில் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் ஆதாயமும் வரவு. ஆனால் என் பார்வையில் இவை மூன்றும் மளிகைக் கடை நோட்டின் ஒரே விதிதான். பக்கத்துக்காரர் வாங்கிக்கொண்டாரா, அவரிடமிருந்து வந்ததா? கல்லா வாங்கிக்கொண்டது, வாடகை வாங்கித் தின்றது, விற்பனை கொண்டுவந்து கொடுத்தது. ‘காரணம் கூறுக’ என்று கேட்டால் பொன்விதியை எழுதுங்கள். பக்கம் எது என்று திணறும்போது நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் எழுதும்போது பற்றுக் கணக்கு முதல் வரியில், வரவுக் கணக்கு அடுத்த வரியில் சற்று உள்தள்ளி, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி விளக்கம். ‘க/கு’ என்றால் கணக்கு, ‘ப’ என்றால் பற்று. சீதாவின் பதிவு இப்படி இருக்கும்:

```
ரொக்க க/கு               ப    7,800
அளித்த தள்ளுபடி க/கு     ப      200
      சீதா க/கு                        8,000
(ரொக்கம் பெற்று, தள்ளுபடி தந்து கணக்கு தீர்த்தது)
```

விளக்கத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது எழுத வேண்டிய பதிவின் ஒரு பகுதி.

சரியா என்று பார்ப்பது

எல்லாப் பதிவுகளையும் பேரேட்டில் அந்தந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய் இருப்பு எடுத்தால் ரவியின் கடை இப்படி நிற்கிறது. ரொக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்: 50,000 வந்தது, 7,800 வந்தது, வங்கிக்கு 20,000 போனது, மேசைக்கு 5,000, வாடகைக்கு 3,000. இருப்பு 29,800. கொள்முதல் 12,000, அதில் ரவி வீட்டுக்கு எடுத்த 500 போக 11,500. சீதாவின் பக்கத்தில் பற்றும் 8,000, வரவும் 8,000 ஆகித் தீர்ந்துவிட்டது, அவள் இருப்பாய்வில் வரவே மாட்டாள்.

| கணக்கு | பற்று ரூ. | வரவு ரூ. |
|---|---|---|
| ரொக்கம் | 29,800 | |
| வங்கி | 20,000 | |
| கொள்முதல் | 11,500 | |
| அறைகலன் | 5,000 | |
| வாடகை | 3,000 | |
| எடுப்பு | 500 | |
| அளித்த தள்ளுபடி | 200 | |
| முதல் | | 50,000 |
| குமார் | | 12,000 |
| விற்பனை | | 8,000 |
| மொத்தம் | 70,000 | 70,000 |

மலர்: சமமா வந்துடுச்சு, எல்லாம் சரி!

ரெஜினா: நீ முதல்ல மேசையைக் கொள்முதல்ல போட்டியே, அப்படியே விட்டிருந்தா?

மலர்: கொள்முதல் 16,500, அறைகலன் இல்ல... (கூட்டிப் பார்த்து) அப்பவும் 70,000 தான்.

மேலே சொன்ன வில்லங்கம் இதுதான். பற்று வைக்க வேண்டிய இடத்தில் வேறொரு கணக்கைப் பற்று வைத்தால் கூட்டுத்தொகை அசையாது. அதிலும் மேசை போன்ற சொத்தைக் கொள்முதலில் எழுதும் இந்த வகைத் தவறுக்கு விதிப்பிழை என்று பெயர். ஒரு நடவடிக்கையையே எழுத மறந்தாலும் பிடிபடாது, இரண்டு மொத்தங்களும் சமமாகவே நிற்கும். இருப்பாய்வு சமமாக இருப்பது, பற்றுக்குச் சமமான வரவு எங்கோ இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். கணக்கின் பெயர் சரியா என்பதைக் கேள்விக்குத் திரும்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சமமாக வராவிட்டால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடாதீர்கள். தேர்வில் அதற்கு நேரம் கிடைக்காது. முதலில் கூட்டலை மறுபடி கூட்டுங்கள். பிறகு இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு அதை விசாரியுங்கள்.

வித்தியாசம் 200 என்றால், 200 ரூபாய் நடவடிக்கை ஏதாவது உண்டா என்று பாருங்கள். இங்கே தள்ளுபடி. அதைப் பட்டியலில் சேர்க்க மறந்திருப்பீர்கள், பற்று 69,800 என்று நிற்கும். அப்படி ஒரு தொகை கிடைக்கவில்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வாடகை 3,000 ரூபாயைத் தவறி வரவுப் பக்கம் எழுதியிருந்தால் பற்று 67,000, வரவு 73,000 என்று வரும். வித்தியாசம் 6,000, பாதி 3,000. பட்டியலில் 3,000 எங்கே என்று கண்ணை ஓட்டினால் வாடகை மாட்டிக்கொள்ளும். பக்கம் மாறி எழுதினால் வித்தியாசம் எப்போதும் இரட்டிப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுகிறது.

அதிலும் பிடிபடவில்லை என்றால் வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 29,800 என்று எழுத வேண்டியதை 28,900 என்று எழுதினால் வித்தியாசம் 900. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டே தீரும். வகுபடுகிறது என்பதால் அதுதான் பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தேட ஒரு நல்ல இடம். வேறு காரணமும் இருக்கலாம் என்பதற்கு உதாரணம், ஒரு 450 ரூபாயைப் பக்கம் மாற்றி எழுதியிருந்தாலும் வித்தியாசம் 900 தான்.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால் கடைகளில் அதை அனாமத்துக் கணக்கு என்று தற்காலிகமாக ஒரு வரி போட்டு நிறுத்திவைப்பார்கள், பிழை கிடைத்ததும் அந்த வரியைத் தீர்ப்பார்கள். தேர்வில் கேள்வியே கேட்காதவரை அந்த வரியைப் போடாதீர்கள். வித்தியாசத்தோடு விட்டாலும் சரியான பதிவுகளுக்கு உரிய மதிப்பெண் கிடைக்கும். சமமாகக் காட்ட ஒரு தொகையைத் திருத்தினால், திருத்திய இடமும் தப்பாகப் போகும்.

ரெஜினா: சரி, போகும்போது ஒண்ணு. எங்கம்மா என்கிட்ட 100 ரூபாய் கொடுத்து ஆட்டோவுல வான்னாங்க. என் ஏட்டுல?

மலர்: உன் ரொக்கம் பற்று. உங்கம்மா வரவு.

ரெஜினா: அப்போ நான் திருப்பித் தரணுமா?

மலர்: கடனா கொடுத்தாங்களா?

ரெஜினா: இல்லடி, சும்மாதான்.

மலர்: அப்போ அம்மா பக்கம் வேண்டாம். ரொக்கம் பற்று, அன்பளிப்பு வரவு. கிளம்பு, மணி ஏழாகுது.